ரெண்டே பேர் இருந்தா அது ரகசியமில்லை

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் எச்.ஆர். ஆளாக இருந்தபோது, 360 டிகிரி ஃபீட்பேக் நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒருத்தரைப் பற்றி அவருக்கு மேலே இருப்பவர், கூட இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள் என்று மூணு பக்கமும் கேட்டு, யார் சொன்னது என்று தெரியாமல் அவர் கையிலேயே ரிப்போர்ட் கொடுக்கணும். 'பேர் வெளியே வராதுப்பா, தைரியமா எழுது'ன்னு ஒவ்வொரு டாலி கிளார்க்கிட்டயும் நானே நின்று சொன்னேன். அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

ஒரு ஷிப்ட் இன்சார்ஜ். அவருக்குக் கீழே 2 டாலி கிளார்க், கூட 4 இன்சார்ஜ்கள். மூணு பேருக்குக் குறைவான குழுவின் மதிப்பெண்ணை ரிப்போர்ட் காட்டாது. சரியான விதிதான். 'பொறுமையாகக் கேட்கிறார்' என்ற கேள்வியில் சக இன்சார்ஜ்களின் சராசரி ஐந்துக்கு 4 என்று இருந்தது, ஜூனியர் கட்டம் காலி. ஆனால் கடைசி வரியில் இந்த ஆறு பேரின் மொத்த சராசரி 3.5 என்று அச்சாகியிருந்தது.

நாள் முழுக்க பெட்டிக் கணக்கு பார்க்கிற மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? ஆறு பேருக்கு மொத்தம் 21. நாலு பேருக்கு 16. மிச்சம் 5, ரெண்டு பசங்களும் சேர்ந்து போட்டது. டீ ஆறுவதற்குள் போட்டு முடித்துவிட்டார்.

அதைவிட மோசம், எழுத்தில் வந்த கருத்து. 'மழை பேஞ்ச அன்னிக்கு கேட்டாண்ட வாக்கி டாக்கியில கன்னாபின்னான்னு கத்துனாரு.' எழுதியவர் வார்த்தையை மாற்றக் கூடாது என்ற நேர்மையில் அப்படியே போட்டிருந்தேன். அன்றைக்கு கேட்டில் நின்றது ஒரே பையன். அடுத்த வாரத்திலிருந்து அவனுக்குத் தொடர்ந்து மூணு வாரம் நைட் ஷிப்ட். பழிவாங்கல் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ரோஸ்டர் ரோஸ்டர்தான். ஆனால் யார்டில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அடுத்த சுற்றில் எல்லாருக்கும் எல்லாக் கேள்விக்கும் 5. கருத்துப் பெட்டியில் 'நல்லவர்', 'குறை இல்லை'. இப்படி வித்தியாசமே இல்லாத தாள் கைக்கு வந்தால், பசங்க பயந்துவிட்டார்கள் என்றுதான் படிக்கணும். மேலிடமோ 'மனோபலம் கூடியிருக்கு'ன்னு பாராட்டி மெயில் போட்டது. சிரிப்பதா அழுவதா?

அதற்கப்புறம் வேறு இடத்தில் இதை நடத்தும்போது சில விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஜூனியர் மூணு பேருக்குக் குறைவென்றால் அவர்களைச் சக ஊழியர்களோடு சேர்த்து ஒரே குழுவாக்கிவிடுவேன். மொத்த சராசரியை அச்சடிப்பதே இல்லை. கருத்துகளை ஒரே ஆள் உட்கார்ந்து திருப்பி எழுதணும்: நாள், இடம், பேச்சு வழக்கு போகணும், நடந்துகொண்ட விதம் மட்டும் நிற்கணும். 'அவசர நேரத்தில் மற்றவர்கள் முன்னால் குரல் உயர்த்துகிறார்.' காரம் குறையும், ஒத்துக்கிறேன். பையன் நைட் ஷிப்டில் வேகாமல் இருப்பதற்கு அந்த விலை பரவாயில்லை. மேலதிகாரி ஒருத்தர்தான் என்பதால் அவர் சொன்னது மறையாது. அதை அவரிடம் முன்னாடியே சொல்லிவிடுவேன். இன்க்ரிமென்ட்டோடு இதைக் கோர்ப்பதும் கிடையாது. கோர்த்தால் ஒருத்தருக்கொருத்தர் மார்க் வியாபாரம் ஆரம்பித்துவிடும்.

ரிப்போர்ட்டை மெயிலில் தள்ளிவிடுவதுதான் இன்னொரு பாவம், அதுவும் சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து 'எவன் சொன்னான்'னு தேடுவார். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஃபீட்பேக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வேலைத்திறன் இறங்கித்தான் போயிருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

அதனால் ஒரு மணி நேரம் நேரில் உட்காருவேன். முதலில் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மார்க், அப்புறம் மற்றவர்கள் போட்டது. இடைவெளி பெரிதாக இருக்கிற ஒரே ஒரு விஷயத்தை அவரே தேர்ந்தெடுக்கணும், மிச்சத்தை மூடி வைத்துவிடலாம். யார் சொன்னது என்று கேட்டால் பதில் கிடையாது.

போன வருஷம் ராயபுரத்தில் ஒரு க்ளியரிங் ஆபீஸ் சூப்பர்வைசர் இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு தன் ஆட்களைக் கூப்பிட்டார். 'நான் குறுக்க குறுக்க பேசறேன்னு வந்திருக்கு. யார்னு எனக்கு வேணாம். இனிமே நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன், தொறந்தா கைய தூக்குங்க'ன்னார். முதல் வாரம் ஒருத்தரும் கை தூக்கவில்லை. ரெண்டாவது வாரம், சேர்ந்து நாலு மாசம்கூட ஆகாத ஒரு பொண்ணு தூக்கினா. சார் பாதி வார்த்தையில் நிறுத்திட்டு, 'சொல்லும்மா'ன்னார்.