அம்மாவின் வீல்சேருக்காகக் கூரையுள்ள ஒரு பார்க்கிங் கேட்கிறேன்

நம் அசோசியேஷன் கமிட்டிக்குப் போன மாதம் கொடுத்த கடிதத்தில் ஒரு பக்கத்துக்குள் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். அதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் என்னிடம் "வாசலில் இறக்கிவிட்டு அப்புறம் வண்டியை வெளியில் போட்டால் போதாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், கோபமே இல்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல லிஃப்ட் வாசலில் நிற்கிற இரண்டு நிமிடம் போதவில்லை. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏழு வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு, அதனால் ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், நான்கு மணி நேரம் மிஷினில் இருந்துவிட்டுத் திரும்பி வரும்போது பதினொன்றரை ஆகிவிடும். சர்க்கரையால் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு நிமிடம், அதற்கு மேல் கால் மடங்கிவிடும். ஆகவே வீட்டுக் கதவிலிருந்து கார் கதவு வரை வீல்சேர்தான். என் கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வார நாட்களில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

இப்போது எங்களுக்கு இருப்பது பின்பக்கக் காம்பவுண்டு ஓரத்தில் உள்ள ஓப்பன் பார்க்கிங். நம் கட்டடத்தில் 24 வீடு, ஸ்டில்ட்டில் 17 இடம், மீதி ஏழு வீட்டுக்கு வெளியில். வீடு வாங்கும்போதே அது தெரிந்துதான் வாங்கினோம், அன்றைக்கு அம்மா மாடிப்படி ஏறி வந்து பால் காய்ச்சினார். அதனால் யார் மேலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நிலைமை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மழை ஏன் எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸுக்கு ரத்தத்தை வெளியே எடுக்கவும் உள்ளே அனுப்பவும் வழி வேண்டும். பொதுவாகக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைப்பார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள், அது பழுத்துப் பயன்படுத்தும் நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அம்மாவுக்கு முதலில் செய்தது வேலை செய்யவில்லை, இடது கையில் மறுபடி செய்திருக்கிறார்கள். அதுவரை கழுத்துச் சிரைக்குள் போகிற ஒரு குழாய்தான், பெர்ம்கேத், அதன் வெளிமுனை காறை எலும்புக்குக் கீழே மார்பில் ஒரு டிரெஸ்ஸிங்குக்குள் இருக்கிறது. அந்த டிரெஸ்ஸிங் நனையவே கூடாது. நனைந்தால் குழாய் வழியாகக் கிருமி நேராக ரத்தத்தில் இறங்கிவிடலாம், அப்படி இறங்கினால் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், அப்புறம் அட்மிஷன், ஊசி மருந்து, சில சமயம் குழாயையே எடுத்துவிட்டு வேறு போட வேண்டி வரும். அம்மா தலைக்குக் குளித்தே நான்கு மாதம் ஆகிறது, துணியால் துடைத்துத்தான் விடுகிறேன்.

இப்படி இருக்கும்போது போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. விடிகாலை நல்ல மழை. அம்மாவுக்கு ரெயின்கோட் போட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் போர்த்தி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் வீல்சேருமாகத் தள்ளிக்கொண்டு போனேன். கார் கதவைத் திறந்து அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு கையும் வேண்டும், குடையைக் கீழே வைக்காமல் முடியாது. அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. சென்டரில் போய் ரெயின்கோட்டைக் கழற்றினால் டிரெஸ்ஸிங்கின் மேல்பக்கம் ஊறி ஒட்டு விட்டிருந்தது. நர்ஸ் என்னைத் திட்டினார், திட்டிக்கொண்டே சுத்தம் செய்து புதிதாகப் போட்டுவிட்டார். அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அடுத்த மூன்று நாள் இரவெல்லாம் நான் எழுந்து எழுந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஸ்டில்ட்டுக்குள் காரை நிறுத்தி ஏற்றிவிட்டுப் போகலாமே என்றால், அதையும் டிசம்பர் முழுக்கச் செய்து பார்த்துவிட்டேன். உள்ளே நடுவில் இருப்பது எல்லா வண்டியும் போய்வருகிற ஒரே பாதை. காலையில் யாரும் இருக்க மாட்டார்கள், ஏற்றுவது ஓரளவு சமாளிக்கலாம். திரும்பி வரும்போதுதான் கஷ்டம். மிஷினில் உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரை எடுத்துவிடுவதால் பிபி இறங்கியிருக்கும், எழுந்தால் தலை சுற்றும், அதனால் காரை விட்டு இறக்குவதற்கு முன்னால் சில நாள் பத்து நிமிடம்கூட உட்கார வைத்திருக்க வேண்டும். பாதையை அடைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்க முடியாது. சரியென்று இறக்கி லிஃப்ட் பக்கத்தில் வீல்சேரில் விட்டுவிட்டு நான் காரைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால், அந்த ஐந்து நிமிடம் அவர் தனியாக. ஒரு நாள் நான் வந்தபோது தலை முன்பக்கம் தொங்கியிருந்தது, வாட்ச்மேன் அண்ணன்தான் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதும் அங்கேயே இருக்க முடியாது, கேட்டைப் பார்க்க வேண்டியவர்.

வெயிலும் உண்டு. நமக்கெல்லாம் கார் சூடாக இருந்தால் ஏசி போட்டு ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தால் தீர்ந்தது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு லிட்டருக்குள்தான், அதில் காபி, ரசம் எல்லாம் அடக்கம். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். டாக்டரைப் பார்க்க, எக்கோ எடுக்க என்று மதியத்தில் கிளம்புகிற நாளில், வெயிலில் காய்ந்த சீட்டில் உட்கார வைக்கும்போது அவர் எதுவும் சொல்ல மாட்டார், எனக்குத்தான் மனசு கேட்பதில்லை.

இனி இடத்தைப் பற்றி. கூரை இருந்தால் மட்டும் போதாது, அதனால்தான் நான் குறிப்பிட்டு 9-ஆம் நம்பரைக் கேட்கிறேன். நம் இடங்கள் இரண்டரை மீட்டர் அகலம். எங்கள் கார் கண்ணாடியை மடக்கினால் 1.7 மீட்டர் இருக்கும். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர், சுவரோடு ஒட்டினாலும் எண்பதுக்கு மேல் வராது. வீல்சேர் மட்டுமே 65. அதைக் கதவோரம் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால் பலகையை மடக்கி, நான் முன்னால் நின்று அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் திருப்பி உட்கார வைக்க வேண்டும். ஃபிஸ்டுலா கையைப் பிடித்து இழுக்கவோ தூக்கவோ கூடாது என்பதால் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதுகூட முக்கியம். இதற்கு ஒண்ணேகால் மீட்டராவது வேண்டும். 9-ஆம் நம்பருக்கு இடப்பக்கம் தூணும் இல்லை, வேறு வண்டியும் இல்லை, லிஃப்டுக்குப் போகிற நடைவழிதான், டேப் வைத்து அளந்தேன், 1.1 மீட்டர், காருக்குப் பக்கத்தில் மிஞ்சுகிற இடமும் சேர்ந்தால் தாராளம். முன் சீட் கதவு திறக்கிறதும் அந்தப் பக்கம்தான். நான் வலப்பக்கம் ஒட்டி நிறுத்திவிட்டால் நடைவழியில் ஒரு அங்குலம்கூட எடுக்காமல், ஏற்றி இறக்கும் நேரம் மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தரையும் சமதளம். வெளியே பேவர் பிளாக் தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்டிருப்பதால் பிரேக் போட்டாலும் வீல்சேர் நகர்கிறது.

ஜெனரேட்டர் பக்கம் 14-ஆம் நம்பரில் அசோசியேஷனின் பழைய நாற்காலியும் மோட்டாரும்தானே கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளேன் என்று பொருளாளர் அக்கறையோடு சொன்னார். அங்கே இடப்பக்கம் தூண் இருக்கிறது. கதவு பாதிதான் திறக்கும். வேறு யாருக்காவது அது உதவும், எனக்கு உதவாது.

9-ஆம் நம்பர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தின் ஒதுக்கீடு. கவர் போட்ட கார் நிற்கிறது, ஒன்றரை வருடமாக எடுக்கவில்லை. அவர்களும் பணம் கொடுத்து வாங்கியவர்கள். ஸ்டில்ட் இடத்தை பில்டர் தனியாக விற்க முடியாது, அது பொது இடம் என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பை ஒருவர் எனக்கு அனுப்பி, இதை வைத்துக் கேள் என்றார். அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, அதைவிட, பக்கத்து வீட்டுக்காரரிடம் தீர்ப்பை நீட்டி வாங்கும் இடத்தில் நான் அம்மாவை நிம்மதியாக இறக்க முடியாது. அவர்கள் சம்மதத்தோடுதான் வேண்டும். என் ஓப்பன் இடத்தை அவர்கள் காருக்குக் கொடுக்கிறேன். புதிதாக நல்ல கவர், பேட்டரி இறங்கியிருந்தால் அதை மாற்றும் செலவு, இழுத்துக்கொண்டுபோய் நிறுத்த மெக்கானிக் கூலி, எல்லாம் என்னுடையது. அவர்கள் லீவுக்கு வரும் நாட்களில் முன்கூட்டிச் சொன்னால் காலி செய்து கொடுத்துவிடுகிறேன்.

வாடகையும் தருகிறேன். நம் தெருவில் கூரையுள்ள இடத்துக்கு மாதம் 2,000 வாங்குகிறார்கள், விசாரித்தேன். நான் 2,500 தருகிறேன், மூன்று மாத அட்வான்ஸோடு. அது அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டுமா, அசோசியேஷன் கணக்குக்கா என்பதைக் கமிட்டி முடிவு செய்யட்டும், எதுவானாலும் வங்கி வழியாக, ரசீதோடு. பதினொரு மாதத்துக்கு ஒரு கடிதம் போதும், அதில் இந்த இடத்தின் மேல் எனக்கு எந்த உரிமையும் வராது என்று எழுதியே கையெழுத்துப் போடுகிறேன். வீட்டை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ இடம் திரும்பிவிடும். அம்மாவுக்குத் தேவைப்படாத நாள் வந்தாலும், அந்த மாதத்திலேயே.

இன்னொன்றும் செய்து தர ஆசை. ஸ்டில்ட் தரைக்கும் லிஃப்ட் வாசலுக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் திண்டு இருக்கிறது, வீல்சேரை அதில் பின்பக்கமாகத்தான் ஏற்றுகிறேன். அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாகச் சிமெண்ட் போட்டால் தடங்கல் இல்லாமல் ஏறும். கொத்தனார் கூலி, பொருள் எல்லாம் நான் கொடுக்கிறேன். இரண்டாம் மாடித் தாத்தா வாக்கரோடு அந்த இடத்தில் நின்று நின்று காலை எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் சார் சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பத்திடம் அசோசியேஷன் சார்பில் ஒரு வார்த்தை பேசுங்கள், நான் தனியாகக் கேட்டால் அவர்களுக்கு மறுக்கச் சங்கடமாக இருக்கும், கமிட்டி கேட்டால் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். முடியாது என்றாலும் பரவாயில்லை, கூட்டம் முடிந்ததும் சொல்லிவிடுங்கள், நான் சென்டருக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் கமிட்டியில் யாராவது ஒருவர் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கீழே வந்தால் நன்றாக இருக்கும். முதலில் என் இடத்தில் அம்மாவை ஏற்றுவதைப் பாருங்கள். அப்புறம் 9-ஆம் நம்பர் பக்கத்தில் டேப்பைப் பிடித்துக் காட்டுகிறேன்.