காரணத்தைச் சொல்லாத கடிதம் பயன்படாது
"கடையின் பெயர் மாற்றத்தை விளக்கப் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு நன்றிக் கடிதமே போதும்" – போதாது, காரணத்தைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் நாங்கள் வருடக்கணக்காகக் காலை டிபன் சாப்பிடும் ஹோட்டலில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது பழைய பெயர் தம்பி பங்குக்குப் போய்விட்டது, அண்ணன் அதே கட்டடத்தில் புதுப் பலகை மாட்டி, மர பெஞ்சுகளை எடுத்துவிட்டு கிரானைட் மேசை போட்டார். கல்லாவுக்கு மேலே ஒட்டிய கடிதத்தில் "புதுப்பொலிவுடன்", "நல்லாதரவு" எல்லாம் இருந்தன, ஏன் என்பது மட்டும் இல்லை. கடை கைமாறிவிட்டது என்று நினைத்துப் பலர் வருவதை நிறுத்தினார்கள், சாம்பாரில் ஒரு நாள் உப்பு கூடினால்கூட மாஸ்டர் மாறிவிட்டார் என்று பேச்சு. பணம் கட்ட ஸ்கேன் செய்தால் போனில் பழைய பெயரே வந்தது, அதிலும் சந்தேகம். அப்புறம்தான் வேறு கடிதம் ஒட்டினார்: குடும்பம் பிரிந்தது, பெயர் தம்பியிடம், அடுப்பில் அதே மாஸ்டர், காபிக்குப் பால் அதே வீட்டிலிருந்து, விலையும் பழையதுதான், பில்லும் க்யூஆர் அட்டையும் ஒன்றாம் தேதி முதல் புதுப் பெயரில். பலகையில் "முன்பு இன்ன ஹோட்டல்" என்று போட முடியாது, அந்தப் பெயர் இப்போது தம்பியுடையது. அதனால் "அதே இடம், அதே கைப்பக்குவம்" என்று மட்டும் எழுதினார். அந்த வாரமே எங்கள் தெருப் பெரியவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.