பாசி வியாபாரமும் லிங்க்ட்இனில் எட்டிப் பார்த்தவர்களும்

"லிங்க்ட்இனில் உங்கள் புரொஃபைலை யார் யார் பார்த்தார்கள் என்று பாருங்கள், அத்தனை பேருக்கும் அன்றைக்கே மெசேஜ் தட்டுங்கள், அவர்கள்தான் வாங்கப்போகிறவர்கள்." ஆன்லைனில் வியாபாரம் சொல்லித் தருகிறவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மண்டபம் பக்கம் மச்சான் வளர்க்கிற கடற்பாசியை விற்றுக்கொடுக்கிறவன் நான். எனக்கு இந்த யோசனை சுத்தமாக ஒத்துவரவில்லை. யாருக்கு எழுதுவது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை, அதற்கு என் நோட்டு இருக்கிறது. நோட்டில் இருக்கிற ஆளுக்கு எந்த நாளில் எழுதலாம் என்று பார்க்கத்தான் பட்டியலைத் திறக்கிறேன்.

முதலில் பட்டியலின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். இலவசக் கணக்கில் கடைசியாகப் பார்த்த சிலரின் பெயர் மட்டும்தான் தெரியும். காசு கட்டினால் நீளமான பட்டியல் வரும். ஆனால் பிரைவேட் மோடில் வந்து பார்த்தவரின் பெயர் காசு கட்டினாலும் தெரியாது. சிலர் பாதி முகத்தை மட்டும் காட்டுவார்கள். இன்ன துறையில் இன்ன வேலை பார்க்கும் ஒருவர் என்று வரும், பெயர் வராது. நாமும் இலவசக் கணக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு ஊர் சுற்றினால், நம்மைப் பார்த்தவர்களின் பட்டியல் நமக்குக் கிடைக்காது. ஆகவே கண்ணில் படுவது எப்போதும் வந்தவர்களில் ஒரு பகுதிதான். பட்டியலில் இல்லை என்பதால் ஒருவர் நம்மை மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

போன செப்டம்பரில் ஒரு வாரம் என் பட்டியலில் இருந்தவர்களைச் சொல்கிறேன். கடல் உயிரியல் படிக்கும் ஒரு மாணவி. தூத்துக்குடியில் இதே பாசியை வாங்கி விற்கும் ஒரு வியாபாரி. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர் ஒருவர். சென்னையில் வேளாண் இடுபொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கொள்முதல் மேலாளர். இரண்டு நாள் கழித்து அதே கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர்.

மாணவி வந்த காரணம் சுலபம். பாசி வளர்க்க மிதவை கட்டும் படத்தைப் போட்டிருந்தேன், அதில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், அப்படியே வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். தூத்துக்குடிக்காரர் என் விலையை மோப்பம் பிடிக்க வந்தவர். அவருக்கு நானே போய் மெசேஜ் அனுப்பினால் எனக்குத்தான் நஷ்டம். ஏஜென்சிக்காரர் ஒரே நாளில் நூறு பேரைப் பார்ப்பவர், அந்த நூறில் நானும் ஒருவன். "எல்லோருக்கும் அனுப்பு" கணக்குப்படி போயிருந்தால் இந்த மூன்று பேருக்கும் எழுதியே அந்த நாளைக் கழித்திருப்பேன்.

கொள்முதல் மேலாளர் கதை வேறு. அவர் பெயர் ஆகஸ்டிலேயே என் நோட்டில் இருந்தது. கூரியரில் சாம்பிள் போயிருந்தது, விலையும் எழுதியிருந்தேன், பதிலே இல்லை. திங்கட்கிழமை அவர் பார்க்கிறார், புதன்கிழமை அதே கம்பெனியின் தரக்காரர் பார்க்கிறார். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். ஒரே கம்பெனியில் இரண்டு மேசைகளிலிருந்து அடுத்தடுத்துப் பார்த்தால், நம் கடிதம் உள்ளே கை மாறிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். அதிலும் தரக்காரர் வருகிறார் என்றால் பேச்சு விலையில் நிற்கவில்லை, சரக்கின் மேல் ஏதோ சந்தேகம் இருக்கிறது. காய்ந்த பாசியில் சந்தேகம் வந்தால் பெரும்பாலும் ஈரத்தில் வரும், இல்லாவிட்டால் மணலில். மணலில் பரப்பிக் காயவைத்தது, வலை விரித்துக் காயவைத்தது இரண்டுக்கும் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

புதன் சாயங்காலமே எழுதக் கை பரபரத்தது. எழுதவில்லை. பார்த்த சூட்டோடு மெசேஜ் போனால், "இவன் ஜன்னலில் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று தோன்றிவிடும். வியாழன் காலை எழுதினேன், அதுவும் மேலாளருக்கு மட்டும். தரக்காரர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு நேரே எழுதினால் மேலாளரைத் தாண்டிப் போனதாக ஆகிவிடும். மேலாளர் ஏற்கெனவே என் தொடர்பில் இருந்ததால் நேரடியாக எழுத முடிந்தது. தொடர்பில் இல்லாதவர் என்றால் அழைப்போடு ஒரு குறிப்பு வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதையும் இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சிலருக்குத்தான் செய்ய முடியும். அதனால்தான் மாணவிக்கும் ஏஜென்சிக்கும் அந்தக் குறிப்புகளைச் செலவழிக்கக் கூடாது என்கிறேன்.

ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "சார், ஆகஸ்டில் அனுப்பிய சாம்பிள் வலையில் காயவைத்த சரக்கு. இந்த வார அறுவடையின் ஈரப்பத அளவும் மணல் அளவும் கையில் இருக்கிறது, அனுப்பட்டுமா? மழைக்கு முன் ஒரு டன் தர முடியும்." நீங்கள் என் பக்கத்தைப் பார்த்தீர்களே என்று ஒரு எழுத்துகூட இல்லை. அவர் பார்த்தது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால்தான் சங்கடம்.

"ஒரு டன்" என்று எழுதியது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், கடல் ஒத்துழைத்தால் 45 நாளில் சுமார் 250 கிலோ வரும். அடுத்த நடவுக்கு 60 கிலோவை எடுத்து வைத்துவிட்டால் மிச்சம் 190. காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 19 கிலோ. ஒரு டன் காய்ந்த சரக்குக்கு ஐம்பதுக்கு மேல் மிதவை வேண்டும். அன்றைக்கு மச்சானிடமும் பக்கத்து மகளிர் குழுவிடமும் சேர்த்து அறுவடைக்கு நின்ற மிதவைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

அவர் மதியமே பதில் போட்டார். ஈரப்பத அளவைக் கேட்டார், விலையைக் குறைக்கச் சொன்னார், கடைசியில் அரை டன்தான் எடுத்தார். எட்டிப் பார்த்ததால் வாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் சாம்பிள் போனதால் வாங்கினார். செப்டம்பரில் எந்த நாளில் கதவைத் தட்டலாம் என்பதைத்தான் அந்த இரண்டு பெயர்களும் காட்டின.

இதே இரண்டு பேரும் நவம்பரில் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மிதவை தாங்காது, கரையில் காயவைக்க வெயிலும் இருக்காது. அப்போது போய் "சரக்கு தயார்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தேதி தவறி அந்த வாங்குகிறவரையே இழந்துவிடுவார்கள். நவம்பர் பார்வைக்கு என் பதில் ஒரே வரி: மழை ஓய்ந்ததும் மிதவை கட்டுவோம், முதல் அறுவடை ஆனதும் சாம்பிள் அனுப்புகிறேன். பிறகு நோட்டில் அவர் பெயருக்கு நேரே பிப்ரவரி என்று குறித்து வைப்பேன். இடையில் அவர் மறுபடி பார்த்தாலும் அசைய மாட்டேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: நாம் போய் ஒருவரைப் பார்த்தால் அவர் பட்டியலில் நாம் விழுவோம். அவரும் பதிலுக்கு வந்து பார்ப்பார். அந்தப் பார்வையை ஆர்வம் என்று கணக்கில் எழுதக் கூடாது, வாசலில் சத்தம் கேட்டால் யாரும் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். நான் யார் பக்கத்துக்குப் போனேன் என்பதையும் தேதியோடு நோட்டில் எழுதிவிடுவேன். அதற்குப் பின் இரண்டு மூன்று நாளில் வருகிற பார்வைக்கு மதிப்பு பூஜ்யம்.

அப்புறம், இதை முகநூலில் எழுதுவதால் கேட்பீர்கள். இங்கே உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று காட்டும் வசதியே கிடையாது. காட்டுகிறேன் என்று வரும் ஆப்பில் பாஸ்வேர்டைப் போட்டுவிடாதீர்கள். ராமேஸ்வரத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் தம்பி ஒருவர் போன வாரம் அப்படி ஒரு லிங்க்கை எனக்கே அனுப்பி, "அண்ணே, இதில் பார்த்து மெசேஜ் போடலாமா?" என்று கேட்டார்.