ஜிமிக்கியின் பின்னணியை நீக்க எது ஏற்றது?

"நகைப் படங்களின் பின்னணியை நீக்க இலவசத் தளம் போதுமா, கைபேசி போதுமா, இல்லை கணினி மென்பொருள் வேண்டுமா?"

4000×3000 பிக்சல் கொண்ட ஒரு ஜிமிக்கிப் படத்தை மூன்றிலும் வெட்டிப் பார்த்தேன். நான் பயன்படுத்திய இலவசத் தளம் விளிம்பை நன்றாகவே வெட்டியது. ஆனால் கட்டணமின்றித் தந்த கோப்பு 577×433 பிக்சல்தான். வாட்ஸ்அப்புக்கு அது போதும். அச்சில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், இரண்டு அங்குல அகலம்கூடத் தேறாது.

ஐபோனின் புகைப்படச் செயலியில் பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், ஐஓஎஸ் 16 முதல் அது தனியே பிரிந்து வருகிறது. தொங்கும் முத்துகளுக்கு இடையே பின்னணியில் விரித்திருந்த துணியின் சிவப்பு அப்படியே ஒட்டியிருந்தது. அதைத் திருத்த அங்கே தூரிகை ஏதும் இல்லை.

ஆகவே கடைசியில் கணினியில் உள்ள ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள்தான். படத்தை அழிக்காமல் அதன் பகுதிகளை மறைக்க உதவும் லேயர் மாஸ்க்கைச் சேர்த்து, கறுப்புத் தூரிகையால் இடைவெளிகளை மறைத்தேன். கை தவறி முத்தை அழித்த இடத்தில் வெள்ளையைப் பூசியதும் அது திரும்பி வந்தது. படத்தின் அளவும் குறையவில்லை. அரை மணி நேரம் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதில் வெட்டினாலும், அடியில் ஓர் அடர்நிற லேயரை வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் தெரியாத வெளிறிய விளிம்பு அதில் உடனே தெரிந்துவிடும்.