‘முயற்சி செய்கிறேன்’ என்று எழுதினால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம்

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், அனுப்புவதற்கு முன் ஒரு மெயிலை என்னிடம் காட்டி “இது சரியா இருக்கா அண்ணா?” என்று கேட்டார். வேறொரு டீமின் தலைவி அவரை ஒரு கூடுதல் வேலைக்குக் கேட்டிருந்தார். வாடிக்கையாளர் புகார்களை வகை பிரித்து அறிக்கை தயாரிக்கும் வேலை, ஆறு வாரம், “வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் போதும்” என்று எழுதியிருந்தார். தம்பிக்கு ஏற்கெனவே மூச்சு முட்டுகிற அளவுக்கு வேலை. முடியாது என்று சொல்ல வேண்டும், ஆனால் அந்த மேடத்தைப் பகைத்துக்கொள்ளவும் கூடாது. அவர் எழுதி வைத்திருந்தது இது:

“வணக்கம் மேடம். என்னை நினைத்ததற்கு மிக்க நன்றி. மிகவும் சுவாரசியமான ப்ராஜெக்ட். தற்போது கொஞ்சம் வேலை அதிகமாக இருக்கிறது, உடல்நிலையும் அவ்வளவு சரியில்லை, அந்த சாஃப்ட்வேரில் எனக்குப் பெரிய பழக்கமும் இல்லை. இருந்தாலும் முடிந்தவரை முயற்சி செய்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம், மன்னிக்கவும்.”

படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் அச்சு அசல் இதே மாதிரி ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, நாசூக்காக மறுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு திட்ட அட்டவணை வந்தது, அதில் மூன்று இடத்தில் என் பெயர். நான் போய்ச் சண்டை போட்டால், வேலை கேட்டவர் என் மெயிலையே எடுத்துக் காட்டினார். “முயற்சி செய்கிறேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?” அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் மறுத்தது என் மனதுக்குள் மட்டும்தான் நடந்திருக்கிறது.

தம்பியின் மெயிலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதில் மறுப்பே இல்லை, அதுதான் சிக்கல். ‘கொஞ்சம்’, ‘அவ்வளவு’, ‘முடிந்தவரை’ என்று ஒவ்வொரு வார்த்தையும் கதவைக் கால்வாசி திறந்தே வைத்திருக்கிறது. கேட்பவருக்கு ஆள் தேவை, அவர் அந்தக் கால்வாசியைத்தான் பார்ப்பார். அதோடு மூன்று காரணங்கள் வேறு. காரணம் கூடினால் மறுப்புக்கு வலு கூடும் என்று நினைக்கிறோம், நடப்பது தலைகீழ். சாஃப்ட்வேர் பழக்கமில்லையா, ஒரு நாள் பயிற்சி கொடுத்துவிடலாம். உடம்பு சரியில்லையா, அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அவர் நல்லெண்ணத்தோடு ஒவ்வொன்றுக்கும் தீர்வு சொல்லச் சொல்ல, கடைசியில் மறுக்க உங்களிடம் ஒன்றுமே மிஞ்சாது. உண்மையான காரணம் ஒன்றுதான்: நேரம் இல்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும்.

ஆனால் நேரம் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அது உண்மையா என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். அதனால் மெயிலை மூடச் சொல்லிவிட்டு, ஒரு தாளில் அவருடைய வாரத்தை எழுதச் சொன்னேன். வாரத்துக்கு 40 மணி நேரம். மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டிய கணக்கு மாற்ற வேலைக்கு 18. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி 6. தினமும் வந்து விழும் சந்தேகங்களுக்கும் சின்னத் திருத்தங்களுக்கும் 8. மீட்டிங்குகள் 7. கூட்டினால் 39. மிச்சம் ஒரே ஒரு மணி நேரம். அதே தாளில் அந்த ‘ஐந்து மணி நேர’ வேலையையும் எழுதினோம். வாரத்துக்கு இரண்டு மீட்டிங் என்று அந்த மேடமே சொல்லியிருந்தார், அது தனியாக 2. நடந்ததைத் தொகுத்து எல்லோருக்கும் எழுதி அனுப்ப இன்னொரு 1. ஆக எட்டு மணி நேரம். கேட்பவர் பொய் சொல்லவில்லை. கையில் எடுத்துச் செய்கிற நேரத்தைத்தான் எல்லோரும் கணக்கு சொல்வார்கள், அதைச் சுற்றி ஓடுகிற நேரத்தை யாரும் சொல்வதில்லை.

ஒரு மணி நேரம் இருக்கிற இடத்தில் எட்டு மணி நேரம். இதைக் கண்ணால் பார்த்த பிறகு தம்பியின் குரலே மாறிவிட்டது. அதுவரை “நான் மறுக்கிறேன்” என்கிற குற்ற உணர்ச்சி, இப்போது வெறும் கணக்கு. இந்தத் தாளை மெயிலில் ஒட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கேட்டவருக்கு முழுக் கணக்கையும் அனுப்பினால், பயிற்சிக்கு ஆறு மணி நேரம் எதற்கு, நாலு போதாதா என்று பேச்சு அங்கே போய்விடும். அந்தத் தாள் நமக்கு, தேவைப்பட்டால் நம் மேனேஜருக்கு.

மேனேஜர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மேடம் அனுப்பிய மெயிலில் தம்பியின் மேனேஜர் சிசியில் இருந்தார். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அவர் சிசியில் இருக்கும்போது நேராக ரிப்ளை ஆல் போட்டு மறுத்தால், ஒன்று அவருக்கு முன்கூட்டியே தெரியாத சங்கடம், அல்லது அவரே பெருந்தன்மையாக “இல்லை இல்லை, நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம்” என்று எழுதிவிடும் ஆபத்து. பிறகு நீங்கள் காலி. முதலில் அவரிடம் இரண்டு நிமிடம் பேசி, அந்தத் தாளைக் காட்டி, மறுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் பதில் போடுவதுதான் ஒழுங்கு. தம்பி போய்ப் பேசினார், அவரும் சரி என்றுவிட்டார்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியது இது. எந்த மொழியில் எழுதினாலும் அடுக்கு மாறாது:

“வணக்கம் மேடம்,

புகார் அறிக்கை வேலைக்கு என்னைக் கேட்டதற்கு நன்றி. இந்த முறை என்னால் இதில் சேர முடியாது. கணக்கு மாற்ற வேலையும் புதியவர்களுக்கான பயிற்சியும் என் வாரம் முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. இதையும் ஏற்றுக்கொண்டால் ஏதாவது ஒன்று தாமதமாகும், அது உங்கள் அறிக்கையாக இருந்துவிடக் கூடாது.

போன வருடம் இதே மாதிரி அறிக்கைக்கு நான் தயாரித்த வகைப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இன்று மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன். உங்கள் டீமில் இதைச் செய்யப்போகிறவருக்கு வியாழக்கிழமை அரை மணி நேரம் விளக்கவும் முடியும்.

நீங்கள் வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கட்டும் என்று இன்றே எழுதுகிறேன்.”

‘முடியாது’ என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. தம்பிக்கு அதை அங்கே வைக்க மனசே வரவில்லை, கடைசிக்குத் தள்ளலாமா என்று இரண்டு முறை கேட்டார். தள்ளக் கூடாது. போனில் மெயில் படிப்பவருக்கு முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும். நீண்ட புகழ்ச்சியைப் படித்துக்கொண்டே வருபவர், ஒப்புக்கொண்டார் போலிருக்கிறது என்று நம்ப ஆரம்பித்திருப்பார், அப்புறம் கடைசி வரியில் ஏமாற்றினால் கோபம் இரட்டிப்பாகும். அனுப்பும் முன் நான் என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு: இதைப் படித்துவிட்டு அவர் இன்றைக்கே இன்னொருவரைப் போய்க் கேட்க முடியுமா? முடியும் என்றால் மெயில் சரி.

மன்னிப்பு இந்த மெயிலில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு ‘மன்னிக்கவும்’ போடுவது உங்கள் இஷ்டம், தப்பில்லை. மூன்று போட்டால் நீங்கள் ஏதோ தவறு செய்ததாக நீங்களே அறிவிக்கிறீர்கள், படிப்பவருக்கும் உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலை கூடுதலாகச் சேருகிறது.

நல்லெண்ணம் காப்பாற்றப்படுவது அந்த இரண்டாவது பத்தியில். அங்கே எல்லோரும் செய்கிற தப்பு, குற்ற உணர்ச்சியில் அதிகமாகக் கொடுத்துவிடுவது. “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், எல்லா உதவியும் செய்கிறேன்” என்று எழுதினால் எட்டு மணி நேரத்தைப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் விட்டதாகிவிடும். தம்பியிடம் மிச்சம் ஒரு மணி நேரம் இருந்தது, அதற்குள் அடங்குகிற அரை மணி நேரத்தைத்தான் கொடுத்தோம், அதுவும் ஒரே ஒரு தடவை, கிழமையோடு. பட்டியல் ஏற்கெனவே செய்து வைத்தது, அனுப்ப ஐந்து நிமிடம். கொடுக்க உங்களிடம் எதுவுமே இல்லையென்றால் அந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். நிறைவேற்றாத உதவி, மறுப்பைவிட அதிகமாக உறவைக் கெடுக்கும்.

அப்புறம், “என் பக்கத்து சீட்காரர் நன்றாகச் செய்வார்” என்று இன்னொருவர் பெயரைக் கொடுத்துத் தப்பிப்பது. அவரிடம் கேட்காமல் செய்தால் ஒரே மெயிலில் இரண்டு பேரைச் சம்பாதிக்கிறீர்கள், நல்ல விதமாக அல்ல. அதே மாதிரி ‘இப்போதைக்கு முடியாது’, ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பதெல்லாம் அடுத்த மாதம் நிஜமாகவே செய்ய நினைப்பவர்கள் எழுத வேண்டியது. அடுத்த மாதம் முதல் தேதி அவர் வந்து நிற்பார், நிற்கவும் உரிமை உண்டு.

கேட்பது உங்கள் சொந்த மேனேஜர் என்றால் கதையே வேறு. உங்கள் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பது அவருடைய வேலை, அவரிடம் ‘முடியாது’ என்று எழுதுவதைவிட அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் பொருந்தும். “இதை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வாரத்துக்கு எட்டு மணி நேரம் தேவைப்படும். பயிற்சியை இரண்டு வாரம் தள்ளிவைக்கலாம் என்பது என் யோசனை, கணக்கு மாற்றத்தில் கை வைத்தால் மாதக் கடைசி தேதி தவறும். எது என்று நீங்கள் சொல்லுங்கள்.” பெரும்பாலான மேனேஜர்களுக்கு நம் தட்டில் என்னென்ன இருக்கிறது என்று முழுதாக நினைவிருக்காது. எழுத்தில் பார்த்ததும் அவர்களே வேறு ஆளைத் தேடுவது உண்டு. “எல்லாவற்றையும் செய்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னிடம் மெயில் எதுவும் இல்லை. ஆனால் எது தாமதமாகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தது அன்றைக்குக் கைகொடுக்கும்.

சரி, தம்பி கதை. அன்று மதியமே பதில் வந்தது: “புரிகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது முடியுமா?” தம்பி முகம் வாடிவிட்டது, புதுக் காரணம் தேட ஆரம்பித்தார். புதிதாக ஒன்றும் தேட வேண்டாம், அதையே இன்னும் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றேன். “இரண்டு மணி நேரமும் என்னால் உறுதியாகத் தர முடியாது மேடம். வியாழக்கிழமை அரை மணி நேரம் நிச்சயம் உண்டு. பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.” அவ்வளவுதான், மூன்று வரி.

வியாழக்கிழமை அந்த டீமிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பட்டியலை ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருந்தார், கேள்விகளும் குறித்து வைத்திருந்தார். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.