கேட்பது கையேந்துவது அல்ல

வாடிக்கையாளரிடம் சான்றுரை கேட்பது பற்றி இணையத்தில் நடந்த உரையாடலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "பழைய வாடிக்கையாளரிடம் போய், என்னைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நிற்பது கையேந்துவதற்குச் சமம். வேலை நன்றாக இருந்தால் அவர்களே சொல்வார்கள்" என்று துறையில் மூத்தவர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

அவர்களே சொல்ல மாட்டார்கள். பதினோரு ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸராக இயந்திரங்களுக்குப் பயனர் கையேடுகள் எழுதுகிறேன். கேட்காமல் சான்றுரை தந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் நன்றி கெட்டவர்களா? இல்லை. கையேடு அச்சுக்குப் போன மறுநாளே அவர்கள் தலையில் அடுத்த வேலை ஏறிவிடுகிறது. நான் எழுதிய எந்தக் கையேட்டிலும் என் பெயர் கிடையாது. சம்பளத்துக்கு இருப்பவர் வேலையை விட்டுப் போகும்போது அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்குகிறார். அதை யாரும் பிச்சை என்பதில்லை. நான் கேட்டால் மட்டும் ஏன் அந்தச் சொல்?

கேட்கத் தெரியாமல் கேட்ட காலம் எனக்கும் உண்டு. "நேரம் இருக்கும்போது என்னைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று அனுப்புவேன். "மிகவும் நல்லவர். சொன்ன நேரத்தில் முடித்தார். வாழ்த்துகள்" என்று வரும். அதைத் தச்சருக்கும் கொடுக்கலாம், கணக்கருக்கும் கொடுக்கலாம். குற்றம் எழுதியவருடையது அல்ல. நான் கேட்டதில் பிடி இல்லை, வந்த பதிலிலும் இல்லை.

பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பொறியாளரிடம் முதல் முறையாக வேறு மாதிரி கேட்டேன். மூன்றே கேள்விகள். என்னை அழைப்பதற்கு முன் என்ன சிக்கல் இருந்தது? என்னிடம் கொடுக்க எதற்காகத் தயங்கினீர்கள்? கையேடு வந்தபின் எது மாறியது? அன்று மாலையே பதில் வந்தது. "பம்பை முதன்முதலாக ஓட்டும் முறை புரியாமல் நாளுக்கு இருபது பேர் அழைப்பார்கள். வெளியாளுக்கு எங்கள் இயந்திரம் புரியுமா என்று சந்தேகப்பட்டேன். இவர் பட்டறையில் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதினார். இப்போது அந்தக் கேள்விக்கு அழைப்பு அபூர்வம்."

வரிசையை மட்டும் சரிசெய்து திருப்பி அனுப்பினேன். உங்கள் பெயர், பதவியுடன் என் இணையதளத்தில் போடலாமா, எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். நிறுவனம் எண்களை வெளியிடாது என்று 'இருபது பேர்' என்பதை அவர் நீக்கினார். எனக்கு வருத்தம்தான், ஆனால் அது அவருடைய உரிமை. அடுத்து வந்த வாடிக்கையாளர் தொலைபேசியில் முதலில் கேட்டது, "பட்டறையில் நின்று பார்ப்பீர்களாமே?" என்றுதான். அவருக்கும் அதே தயக்கம் இருந்திருக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்பதே அதற்காகத்தான்.

"நீயே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்குகிறாய்" என்று சிலர் சொல்வார்கள். ஒரு சொல்கூட நான் சேர்ப்பதில்லை, அவர் பார்த்து ஒப்பாமல் வெளியிடுவதும் இல்லை. "அவர்களுக்குத் தர்மசங்கடம்" என்பார்கள். வசதிப்படாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று கடிதத்திலேயே எழுதுகிறேன். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுவேன், அதன்பின் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இருந்தால் கேட்பதே இல்லை.

வேறொருவரிடம் நம்மைப் பரிந்துரைக்கச் சொல்வது இதைவிடக் கனமான உதவி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே அவர் தன் பெயரையே பணயம் வைக்கிறார். அதனால்தான் "யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று அவர் தலையில் பாரத்தை ஏற்றாமல், எப்படிப்பட்ட நிறுவனம் என்று சொல்லி, அப்படியே முன்னனுப்பக்கூடிய ஐந்து வரிக் குறிப்பையும் நானே எழுதித் தருகிறேன். இதில் கை எங்கே ஏந்தியிருக்கிறது?

அந்தச் சொல் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் எழுதி எழுதி அழித்தேன். என் உழைப்பைப் பற்றி நானே கேட்பதா என்ற கூச்சம். அந்த ஆண்டு கையில் வேலை இல்லாத நான்கு மாதங்கள் இருந்தன. என் வேலையால் பயனடைந்தவர்கள் ஒரு கடிதத் தொலைவில்தான் இருந்தார்கள். கூச்சத்தில் கேட்காமல் இருந்தேன். பெரியவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் இப்படித்தான் சின்னவர்கள் கையைக் கட்டிப்போடுகிறது.

நேற்று இரவு புதிதாக இத்தொழிலுக்கு வந்த ஒரு தங்கை தனிச்செய்தி அனுப்பியிருந்தாள். வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தாளாம், அந்தப் பதிவைப் படித்துவிட்டு அழித்துவிட்டாளாம். வேலை முடிந்து எத்தனை நாள் என்று கேட்டேன். மூன்று வாரம் என்றாள். அவருக்கு இன்னும் எல்லாம் நினைவிருக்கும், ஆறு மாதம் போனால் "நன்றாகச் செய்தாள்" என்பது மட்டும்தான் மிஞ்சும், இன்றே எழுது என்றேன். மூன்று கேள்விகளையும் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டாள். இன்று காலை அனுப்பிவிட்டாள்.