கோபி தீர்ந்ததைப் பார்த்தீர்கள், சொதி மிஞ்சியதை யாரும் காட்டவில்லை

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சமையல் செய்த கல்யாண வரவேற்பில் எடுத்த அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலியான கோபி 65 தட்டு, பக்கத்தில் கரண்டியோடு நிற்கும் எங்கள் பையன், பின்னால் "காசை வாங்கிட்டு அளவைக் குறைச்சிட்டாங்க" என்று ஒரு குரல். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இன்று காலை ஆவணி முகூர்த்தத்துக்குப் பேசி முடித்த ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, எங்க வீட்டுக்கும் அப்படித்தான் பண்ணுவீங்களா?" என்று கேட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அளவு குறையவில்லை. வரிசை மாறிவிட்டது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த மெனுவை அப்படியே சொல்கிறேன். வாசலில் எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத். ஆறரையிலிருந்து ஏழேகால் வரை ஸ்டார்ட்டர்: சுடச்சுட சின்ன வாழைப்பூ வடை, கோபி 65, பன்னீர் டிக்கா. அப்புறம் அந்தக் கவுண்டரை மூடிவிட்டு மெயின். முதலில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், கூடவே இஞ்சிப் பச்சடி. அடுத்து வெஜிடபிள் பிரியாணி, வெங்காயப் பச்சடி. அதற்குப் பிறகு சாம்பார் சாதம், அப்பளம். கடைசியாகத் தயிர் சாதம், மோர் மிளகாய். எல்லாம் முடிந்தபின் வாழையிலைத் துண்டில் சூடாக அல்வா, குளிர்ந்த இளநீர்ப் பாயசம், பீடா. படிக்கும்போதே நாக்கில் எச்சில் ஊற வேண்டும் என்றுதான் எழுதுவேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழகுக்காக மட்டும் அந்த வரிசையில் எழுதுவதில்லை. அடுப்பும் அளவும் அந்த வரிசைப்படிதான் நடக்கும்.

350 பேருக்குச் சொல்லியிருந்தார்கள். கோபி ஆளுக்கு 4 துண்டு, ஆக 1400. முக்கால் மணி நேரம் ஓடும் கவுண்டருக்கு இது தாராளம். உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் பூவை முக்கி எடுத்து, மாவில் பிரட்டி, முதலில் முக்கால் வேக்காட்டில் பொரித்து வைப்போம். கேட்கக் கேட்க இரண்டாவது தடவை எண்ணெயில் போட்டு அனுப்புவோம். மொத்தமாகப் பொரித்து மூடி போட்டு வைத்தால் ஆவியில் பத்தே நிமிடத்தில் தொய்ந்துவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள், நல்ல கோபி மேலே உடையும், தொய்ந்தது வளையும்.

அன்று மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்தது எட்டரை மணிக்கு. அதுவரை மெயினைத் திறக்கக் கூடாது, வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கவும் கூடாது என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். "தம்பி, ஸ்டார்ட்டரை நிறுத்தாதீங்க, அப்படியே ஸ்வீட்டையும் திறந்து விடுங்க" என்றார். நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். கல்யாண வீட்டில் மூன்றாவது தடவை சொல்ல முடியாது. முக்கால் மணி நேரத்துக்குப் போட்ட ஸ்டார்ட்டர் இரண்டு மணி நேரம் ஓடியது. ஒவ்வொருவரும் மூன்று முறை வந்தார்கள். பிள்ளைகள் அல்வாவைத் தின்றுவிட்டு வடைக்கு வந்தார்கள். எட்டேகாலுக்குக் கோபி தீர்ந்தது. வீடியோ அப்போது எடுத்ததுதான்.

பத்தரை மணிக்குச் சமையல்கட்டுக்குள் வந்து யாரும் வீடியோ எடுக்கவில்லை. பிரியாணிக்கு 14 கிலோ அரிசி போட்டோம், பாதி அண்டா அப்படியே இருந்தது. சொதி இரண்டு பெரிய பாத்திரம் மிஞ்சியது. தட்டை எண்ணிப் பார்த்தோம், 362. சொன்னதைவிட 12 பேர்தான் கூடுதல். அளவைக் குறைத்தவன் வீட்டில் பிரியாணி எப்படி மிஞ்சும்?

"விருந்தாளி கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும், மணி பார்த்தா சோறு போடுவது?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான், கேட்டால் கொடுக்க வேண்டும். ஆனால் சொதி மணி பார்க்கிறதே, அதை என்ன செய்ய? தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை வேகவைத்து, பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை. அதற்கப்புறம் கொதிக்க விட்டால் திரிந்துவிடும், எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் திப்பி திப்பியாக நிற்கும். ஏழேகாலுக்குப் பரிமாற வேண்டிய சொதியை எட்டரைக்குப் பரிமாறியபோது ஒரு பாத்திரத்தை எங்கள் ஆள் அடுப்பில் ஏற்றிவிட்டார். அது திரிந்தது. அது எங்கள் தப்பு, அதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன்.

தயிர் சாதமும் அப்படித்தான். பந்திக்கு மாலையிலேயே சோற்றைக் குழைய வடித்து, மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, உறைக்குக் கொஞ்சம் தயிர்தான் விடுவோம். அது பந்தி நேரத்துக்குச் சரியாகத் தயிராகி இருக்கும். பத்தரை மணிக்குச் சாப்பிட்டால் புளிக்கத்தான் செய்யும். புளிப்பு என்று எழுதியவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்பதையும் எழுதியிருக்கலாம்.

"ஸ்டார்ட்டர், டெசர்ட் எல்லாம் நம்ம வழக்கமா? இலையில் முதலில் இனிப்புத்தானே வைப்போம்?" என்று இன்னொருவர். ஐயா, அன்று காலை முகூர்த்தச் சாப்பாட்டையும் நான்தான் போட்டேன். இலையில் இனிப்பை முதலில் வைத்தேன். பருப்பும் நெய்யும், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று வரிசையாகத்தான் விட்டேன். அங்கே ரசத்துக்கு முன்னால் மோரைக் கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் பந்தியில் உட்கார்ந்த பாட்டியே சத்தம் போடுவார். மாலையில் நின்றுகொண்டு சாப்பிடும் சாப்பாட்டுக்கு மட்டும் வரிசை கிடையாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

சொதி மறுவீட்டுச் சாப்பாடு, அதை வரவேற்பில் வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வைக்கலாம், அந்த வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டார்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்றுதான் இஞ்சிப் பச்சடியை விடாமல் வைத்தேன். என் அப்பா திருநெல்வேலி டவுனில் மறுவீட்டுப் பந்திகளுக்குச் சொதி வைத்தவர். இஞ்சி இல்லாமல் சொதியை இலைப் பக்கமே கொண்டுபோக விடமாட்டார். பாலை ஊற்றும் நேரத்தில் வேறு யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார். ஒருமுறை பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போனபோது, முதல் பாலை ஊற்றாமல் தனியாக மூடி வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நானும் அதைச் செய்திருக்க வேண்டும். மேடைக்கு எப்போது வருவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஏழு மணிக்கே ஊற்றிவிட்டேன்.

பாக்கிப் பணத்தில் பிடித்துக்கொண்டதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அது எனக்கும் அந்த வீட்டுக்கும் உள்ளது.

இனி மெனு எழுதும்போது ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே நேரமும் எழுதுவேன். மேடை நேரம் தள்ளினால் ஒரு மணி நேரம் முன்னால் சொல்லுங்கள், முதல் பாலை நிறுத்தி வைக்கிறேன், தயிர் சாதத்தைத் தள்ளிப் பிசைகிறேன். ஸ்டார்ட்டர் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும் என்றால் ஆளுக்கு 10 துண்டு என்று கணக்குப் போடுகிறேன், பிரியாணி அரிசியில் 5 கிலோ குறைக்கிறேன்.

அப்புறம், அந்த வீடியோவில் கரண்டியோடு நிற்கிறானே, அவனுக்கு 19 வயது. அன்று மதியம் மூன்று மணியிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. என்னைப் பற்றி எழுதியது இருக்கட்டும், பகிர்ந்தவர்கள் அவன் முகம் தெரியும் அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள்.